வரிசையில் யார் முதலில்?

மாவட்ட அலுவலகங்களுக்குப் புதிதாக வந்துள்ள லிகிதர்களுக்கும் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்கும் நடந்த பயிற்சிக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மூத்த லிகிதர் ஒருவர் ஆற்றிய உரை



சம்பளத்துக்கு மறுநாள் சங்க அலுவலகத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் எனக்குத் தந்த விஷயம். 10ஆந் திகதி சம்பளம் போட்டால் 11ஆந் திகதி காலையில் நம் அலுவலக வாசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். படிக்கட்டில் இடமிருக்காது, வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். வந்தவர்கள் எல்லோரும் அன்றைய பேரை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்தவர்கள். அதில் ஒருவரை நாளைக்கு வரச் சொன்னால் அவருக்கு இன்னொரு நாள் சம்பளம் போகிறது. அதனால் வரிசையை எப்படிப் பார்ப்பது என்பது தொழிலாளியின் பணத்தோடும், சில வேளை உயிரோடும் சம்பந்தப்பட்ட விஷயம்.

பொதுவாகச் சொல்லாமல் ஒரே ஒரு நாளை எடுத்துச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தார். தோட்டத்துப் பிள்ளைதான், உயர்தரம் படித்தவர், கணினியும் தெரியும். அவருடைய முதல் வேலை நாள் ஒரு செப்டெம்பர் மாதம் 11ஆந் திகதி. அன்று காலை நான் ஒரு பேச்சுவார்த்தைக்காகத் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எட்டரைக்கு அவர் கதவைத் திறந்தபோது வெளியில் 38 பேர்.

அவர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். முதலில் நின்றவரை முதலில் கூப்பிட்டார். அவருக்கு அங்கத்துவ அட்டை தொலைந்துவிட்டது, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாவது ஆள் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பி, கழிவுகளைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். அதற்கு 35 நிமிஷம். அடுத்த மூன்று பேருக்கும் சேர்த்து இன்னும் 35 நிமிஷம். நான் உள்ளே வரும்போது மணி ஒன்பதே முக்கால். ஒன்றே கால் மணித்தியாலத்தில் முடிந்தது ஐந்து பேர். வெளியில் 33 பேர், அதற்குள் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் நான்கு பேர், ஆக 37.

பிள்ளை என்னைப் பார்த்ததும், "அக்கா, இது முடியவே முடியாது போல இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னதில் பிழையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 15 நிமிஷம் என்றால் 37 பேருக்கு ஒன்பதே கால் மணித்தியாலம் வேண்டும். நாலரை மணிக்கு அலுவலகம் மூட வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் போனால் அவரிடம் மீதி இருந்தது ஆறே கால் மணித்தியாலம். அதாவது 25 பேர். எவ்வளவு ஓடி ஓடி வேலை செய்தாலும் கடைசி 12 பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அந்த 12 பேர் யார்? அவர்கள் கையில் என்ன கடிதம் இருக்கிறது? அது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆபத்து அதில்தான் இருந்தது. வரிசை நீளமாக இருந்தாலும் சமாளிக்கலாம். வரிசையில் என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால் சமாளிக்க முடியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். அங்கே வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. ஒரு தாதி முதலில் வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, யாரை உடனே உள்ளே எடுப்பது, யார் காத்திருக்கலாம் என்று பிரித்துவிடுவார். இதற்கு 'ட்ரியாஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் தரம் பிரிப்பது என்று அர்த்தம். நெப்போலியனுடைய படையில் லாரே என்று ஒரு வைத்தியர் இருந்தார். பதவியைப் பார்க்க வேண்டாம், காயத்தைப் பாருங்கள், கடுமையான காயம் உள்ளவரை முதலில் எடுங்கள் என்று வழக்கப்படுத்தியவர் அவர். நமக்கும் அதுதான் வேண்டியது. கங்காணியா, தொழிலாளியா, தலைவருக்குச் சொந்தக்காரரா என்பதைப் பார்க்காமல், காத்திருந்தால் யாருக்குக் கெடுதல் வரும் என்று பார்ப்பது.

நான் பிள்ளையிடம் சொன்னேன், "தங்கச்சி, பேனையையும் கொப்பியையும் எடுங்க. கதிரையை விட்டு எழும்புங்க. நாம ரெண்டு பேரும் வரிசைக்குப் போவோம்."

ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விதான். என்ன விஷயமாக வந்தீர்கள்? உடம்புக்கு ஏதும் சுகமில்லையா? கையில் கடிதம் இருந்தால் அதில் என்ன திகதி போட்டிருக்கிறது? அரை நிமிஷத்துக்கு மேல் ஒருவரிடமும் நிற்கக் கூடாது. கதை சொல்லத் தொடங்கினால், "அண்ணே, உங்க கதையை முழுசா கேக்கத்தான் போறோம், இப்ப பேரையும் விஷயத்தையும் மட்டும் சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். கொப்பியில் பேர், தோட்டம், விஷயம், திகதி. கையில் ஒரு இலக்கத் துண்டு. இலக்கம் கையில் இருந்தால் தன் இடம் போகாது என்ற நிம்மதி அவருக்கு வந்துவிடும்.

எட்டாவது ஆளிடம் வரும்போதே அந்த மூன்று கேள்வியின் பெறுமதி தெரிந்துவிட்டது. ஒரு பெண் முகம் வீங்கி, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றார். முதல் நாள் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து கொட்டிவிட்டது. தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றைய பேர் போடவில்லை என்று முறையிடத்தான் சங்கத்துக்கு வந்திருந்தார். உடம்பைப் பற்றிக் கேட்டதும் தயங்கித் தயங்கி, காலையிலிருந்து சிறுநீர் பிளேன்டீ மாதிரி கறுத்துப் போகிறது என்றார். தோழர்களே, இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறையக் குளவி கொட்டினால் அன்றைக்கு மூச்சு முட்டுவது ஒரு ஆபத்து. அதைத் தாண்டியவருக்கும் அடுத்த ஓரிரு நாளில் விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் கறுப்பதும் குறைவதும் அதற்கு அடையாளம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. ஆனால் அவர் நிற்க வேண்டிய இடம் எங்கள் வரிசை இல்லை என்பது தெரிந்தது. வரிசையில் நின்ற ஒரு மாதர் தலைவியைத் துணைக்கு வைத்து, முச்சக்கர வண்டியில் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பினோம். அவருடைய பேர் விஷயத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். அதை மறுநாளும் பேசலாம். அன்றே அவரை வார்டில் நிறுத்திக்கொண்டார்கள். பழைய வரிசைப்படி போயிருந்தால் பதினொன்றரை மணி தாண்டித்தான் அவரைக் கூப்பிட்டிருப்போம். அப்போதும் பேரைப் பற்றித்தான் பேசியிருப்போம், சிறுநீரைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

இப்படி நடந்து நடந்து 29ஆவது ஆளிடம் வந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். படியில் உட்கார்ந்திருந்தார். சத்தமில்லை, அவசரமும் இல்லை. என்ன விஷயம் என்றால், "தோட்டத்துக் கடிதம் ஒண்ணு, பதில் எழுதணும்" என்றார். கடிதத்தை வாங்கித் திகதியைப் பார்த்த பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். மார்ச் 14ஆந் திகதியிலிருந்து அவரை வேலையிலிருந்து நிறுத்திய கடிதம். இவ்வளவு நாளும் தோட்டத்தில் பேசிப் பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் பார்ப்போம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லி நாள் போய்விட்டது.

வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாயசபைக்குப் போவதானால் வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும். தோட்டத்தோடு பேச்சு நடக்கிறது என்பதால் அந்த நாட்கணக்கு நிற்காது. கடிதம் கிடைத்த நாளை எடுப்பதா, நிறுத்திய நாளை எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கவும் கூடாது. எது முந்தியதோ அதை எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் அவருக்குக் கடைசி நாள் செப்டெம்பர் 13. அன்று 11. நான் முன்பு சொன்ன கணக்கு ஞாபகமிருக்கிறதா? வரிசைப்படி போனால் 25 பேர்தான் முடியும். அவர் அந்தக் கடைசி 12 பேரில் ஒருவர். "அடுத்த திங்கள் வாங்க" என்று சொல்லி அனுப்பியிருப்போம். அடுத்த திங்கள் 18ஆந் திகதி.

அவரை நான் உடனே உள்ளே கூட்டிப் போனேன். சேவைக்காலம், கடைசிச் சம்பளம், நிறுத்திய விதம் எல்லாம் கேட்டு மனுவைத் தயாரிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. மறுநாள் காலை அது ஒப்படைக்கப்பட்டது. வழக்கில் வெல்வதும் தோற்பதும் வேறு விஷயம். வழக்குப் பேசும் உரிமை அவர் கையை விட்டுப் போகவில்லை.

மீதி வரிசையைப் பிள்ளையே முடித்தார். 37 பேரையும் கேட்டு முடிக்க 20 நிமிஷம் ஆனது. மணி பத்து ஐந்து. இப்போது கொப்பியைப் பாருங்கள் என்றேன். அவர் ஐந்து குவியலாகப் பிரித்தார்.

முதல் குவியல், இன்றே பார்க்காவிட்டால் கெடுதல் வருபவர்கள். மூன்று பேர். குளவி கொட்டிய பெண், வேலைநீக்கக் கடிதக்காரர், மறுநாள் காலை தோட்டத்தில் விசாரணை வைத்திருந்த ஒரு இளைஞர். இரண்டாவது, வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியவர்கள், நான்கு பேர். பிறப்பத்தாட்சிப் பத்திரம், கொடுப்பனவு விண்ணப்பம் என்று பிரதேச செயலகத்து வேலைக்கு நம்மிடம் வந்திருந்தார்கள். மூன்றாவது, காகிதம் குறைந்தவர்கள், ஒன்பது பேர். நான்காவது, மூன்று நிமிஷ வேலைக்காரர்கள், 14 பேர். படிவம் வாங்க, கையெழுத்து வாங்க, போன மாதம் கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில் வந்ததா என்று கேட்க வந்தவர்கள். ஐந்தாவது, உட்கார்ந்து பார்க்க வேண்டிய நீண்ட வேலைகள், ஏழு பேர்.

கூட்டிப் பார்த்தால் அதே 37 பேர்தான். ஆனால் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. "அக்கா, நீளமான வேலை ஏழுதானா?" என்று கேட்டார். அந்த ஏழிலும் மூன்று பேர் ஒரே தோட்டம், ஒரே மாதம், ஒரே கழிவு பற்றிய முறைப்பாடு. மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே கோப்பாக எழுதினால் ஐந்து வேலை. தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தால் ஒரே கணக்கை மூன்று முறை போட்டிருப்பார். தோட்ட நிர்வாகத்திடம் போகும்போதும் மூன்று பேரின் பெயர் உள்ள ஒரு கடிதத்துக்குத் தனித்தனிக் கடிதத்தை விடப் பலம் அதிகம்.

இனி எந்தக் குவியலை எப்போது எடுப்பது? விசாரணைக்குப் போகவிருந்த இளைஞரை முதலில் எடுத்தார். குற்றப்பத்திரத்தை வாசித்து, யார் கூடப் போவது என்று தோட்டத் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்ல 25 நிமிஷம். அடுத்து, வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய நான்கு பேர். அவர்களுக்கு எந்தக் கட்டடம், எந்த மேசை என்று ஒரு துண்டில் எழுதிக்கொடுத்தால் போதும். காலையிலேயே சொன்னால் அதே நாளில் அங்கே வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏறலாம். மூன்று மணிக்குச் சொன்னால் அவர்களுக்கு அந்த நாள் போய்விட்டது.

காகிதம் குறைந்தவர்களுக்கும் அதே நியாயம்தான். அதில் ஓர் அம்மா இருந்தார். வேலையிலிருந்து விலகி எட்டு மாதமாக ஊழியர் சேமலாப நிதிக்கு அலைகிறார். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் இன்னொரு எழுத்தில் இன்னொரு பெயர். நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பழகிய துன்பம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். அதைச் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும், வங்கிப் புத்தகத்துப் பிரதியும் வேண்டும். பிள்ளை பத்தரை மணியளவில் இதை ஒரு துண்டில் வரிசையாக எழுதிக்கொடுத்தார். அந்த அம்மா நகரத்திலேயே சமாதான நீதவானைப் பார்த்து, பிரதியும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். விண்ணப்பம் அன்றே நிரப்பப்பட்டது. வரிசைப்படி காத்திருந்து இரண்டரை மணிக்கு, "இந்தக் காகிதம் இல்லையே அம்மா" என்று சொல்லியிருந்தால் அவருக்கு இன்னொரு பயணம், இன்னொரு பஸ் காசு.

அடுத்து மூன்று நிமிஷ வேலைக்காரர்கள். சின்ன வேலையை ஏன் பெரிய வேலைக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. ஒரு பக்கம் 40 நிமிஷ வேலை ஒன்று, இன்னொரு பக்கம் மூன்று நிமிஷ வேலை பத்து என்று வையுங்கள். பெரியதை முதலில் எடுத்தால் பத்துப் பேரும் 40 நிமிஷம் வெயிலில் நிற்க வேண்டும். சின்னதை முதலில் எடுத்தால் ஒரே ஒருவர் அரை மணித்தியாலம் காத்திருப்பார். நமக்கு வேலை கூடவுமில்லை, குறையவுமில்லை. மற்றவர்கள் காத்திருக்கும் நேரம்தான் குறைகிறது. பிள்ளை 14 பேரையும் முடித்தபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. வாசலில் நின்ற கூட்டம் போய்விட்டது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சின்ன வேலைகள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். எப்போதும் சின்னதையே முதலில் எடுத்தால் பெரிய வேலைக்காரர் மாலை வரை உட்கார்ந்திருந்து வீட்டுக்குப் போவார், அடுத்த முறையும் அதேதான் நடக்கும். அதனால் பெரிய வேலைக்கு ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு மணியிலிருந்து நீண்ட கோப்புகள்தான், அந்த நேரத்தில் புதிதாக வருபவர்களிடம் மூன்று கேள்வியை மட்டும் கேட்டு இலக்கம் கொடுப்பது என்று வைத்தோம். உடம்பு, கடைசித் திகதி இந்த இரண்டுக்கு மட்டும் இடையில் எழும்பலாம். மனுவை முடித்துவிட்டு நானும் இரண்டு கோப்பை எடுத்தேன். நாலரைக்குக் கதவை மூடும்போது காலையில் நின்ற ஒருவரும் பாக்கியில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வந்த இரண்டு பேருக்குத்தான் திகதியும் நேரமும் எழுதிக்கொடுத்து அனுப்பினோம்.

இதையெல்லாம் கேட்கச் சுலபமாக இருக்கும். செய்யும்போது மூன்று இடத்தில் சிக்கல் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வரிசையில் நிற்பவர்களின் கோபம். 29ஆவது ஆளை நான் உள்ளே கூட்டிப் போனதும் முன்னால் நின்ற ஒருவர் சத்தம் போட்டார். "நான் ஆறு மணி பஸ்ஸுல வந்தவன். அவரு யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் சமூகத்தில் சொந்தக்காரருக்கும் தெரிந்தவருக்கும் முதலில் கதவு திறந்ததை அவர் எத்தனையோ இடத்தில் பார்த்திருப்பார். பிள்ளை அவரிடம் கோபப்படவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, உடம்புக்கு ஆபத்து உள்ளவங்களையும், கடைசித் திகதி உள்ளவங்களையும் மட்டும் முன்னுக்கு எடுக்கிறோம். அவருக்குத் திகதி முடியப்போகுது. உங்க இலக்கம் உங்ககிட்டயே இருக்கு, உங்க குவியல்ல நீங்கதான் முதல்." காரணத்தைச் சொன்னார், ஆனால் அந்த மனிதருக்கு வேலை போனதைச் சபையில் சொல்லவில்லை. ஒரு குவியலுக்குள்ளே வந்த வரிசைதான். அதை மட்டும் ஒருவருக்காகவும் மாற்றக் கூடாது. மாற்றினால் அடுத்த முறை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, பிரிப்பது தீர்ப்புச் சொல்வதல்ல. யார் சொல்வது உண்மை, யாருடைய வழக்கு நிற்கும் என்று வாசலில் நின்று முடிவு செய்யக் கூடாது. காத்திருந்தால் என்ன ஆகும் என்ற ஒன்றைத்தான் பார்க்கிறோம். சேவைக்காலப் பணத்துக்கு வந்தவரைப் பாருங்கள். வேலையிலிருந்து விலகி 30 நாளுக்குள் அந்தப் பணத்தைத் தோட்டம் கொடுக்க வேண்டும், பிந்தினால் அதற்கு மேலதிகப் பணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். அவருடைய பணம் பெரிய பணம், அவருடைய கஷ்டமும் பெரிய கஷ்டம். ஆனாலும் பத்து மணிக்குப் பதிலாக இரண்டு மணிக்குப் பார்த்தால் அவருடைய உரிமை குறையாது. பின்னால் போட்டதால் அவர் விஷயம் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது, அதை அவருக்கும் வாயால் சொல்ல வேண்டும். எந்தக் குவியல் என்று சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே போடுங்கள். தேவையில்லாமல் முன்னால் எடுத்தால் பத்து நிமிஷம் நஷ்டம். தேவையானவரைப் பின்னால் போட்டால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது.

மூன்றாவதுதான் கஷ்டமானது. வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயத்தோடு வருபவர்கள். அன்று ஒரு இளம் பெண், "ஒரு படிவம் வேணும்" என்று மட்டும் சொன்னார். மூன்று நிமிஷக் குவியலில் போட்டோம். ஆனால் அவர் தன் இலக்கம் வந்தபோது எழும்பவில்லை. பின்னால் இருந்தவர்களைப் போகச் சொன்னார். என்ன படிவம் என்று கேட்டால் பெயர் தெரியவில்லை. பிள்ளை இதைக் கவனித்து, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, "அக்கா, தனியாப் பேசணுமா?" என்று கேட்டார். மலையில் ஒரு மேற்பார்வைக்காரருடைய தொல்லை. அதை 37 பேருக்கு முன்னால் எந்தப் பெண் சொல்லுவார்? ஆகவே ஒருவர் கையில் காகிதமும் இல்லாமல், சொல்லும் காரணமும் பொருந்தாமல், மற்றவர்களை முன்னால் விட்டுக்கொண்டே நின்றால், அவரிடம் மறுபடி ஒரு முறை மெதுவாகக் கேளுங்கள். பெண்களிடம் கேட்க ஒரு பெண் இருக்க வேண்டும். பிரித்தது பிரித்ததுதான் என்று கொப்பியை மூடிவைக்காமல், மணித்தியாலத்துக்கு ஒரு முறை வரிசையைத் திரும்பவும் பாருங்கள். காலையில் நன்றாக நின்றவர் மத்தியானம் தலை சுற்றி உட்கார்ந்திருப்பார்.

இப்போது தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் ஒரு வார்த்தை. இந்த வேலையில் பாதி தோட்டத்திலேயே முடிந்துவிடும். ஓர் அங்கத்தவர் கடிதத்தோடு வந்தால் முதலில் அதில் உள்ள திகதியைப் பாருங்கள். வேலைநீக்கம், விசாரணை, பதில் கேட்ட கடிதம் என்றால் சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மறுநாளே அனுப்புங்கள். தபாலில் வந்த கடிதமானால் கவரையும் கொண்டுவரச் சொல்லுங்கள், முத்திரையில் உள்ள திகதி ஒரு நாள் உதவும். அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் இந்த மூன்றும் எந்த வேலைக்கும் கையில் இருக்கட்டும். ஒரே முறைப்பாடு பத்துப் பேருக்கு இருந்தால் பத்துப் பேரும் பேரை விட்டுவிட்டு வர வேண்டாம். பெயர்களை எழுதி, சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து, இரண்டு பேர் வந்தால் போதும். குளவி கொட்டினாலும் விழுந்து அடிபட்டாலும் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு சங்கம். விபத்தைத் தோட்டத்தில் பதிந்தார்களா என்று நீங்கள் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்கும் அங்கத்தவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். உங்கள் முறை வரும்வரை திகதியை மனதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கடிதத்தில் நாள் குறித்திருந்தால் கதவைத் திறந்ததும் முன்னால் வந்து அந்த நாளைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை இப்போது வேறொரு மாவட்ட அலுவலகத்தில் மூத்த லிகிதர். அவர் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு அங்கத்தவரின் கடைசித் திகதியும் அதில் சிவப்பு மையில் இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இங்கிருந்து போனதும் முதல் வேலையாக அப்படி ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள்.